லாபம் குறைந்தது, பங்குக்கான வருமானம் குறையவில்லை

ஆப்பிள் நிறுவனத்தின் நிகர லாபம் 2018 நிதியாண்டில் சுமார் 5,953 கோடி டாலர். அடுத்த ஆண்டு 5,526 கோடிக்கு இறங்கியது. ஏழு சதவீதச் சரிவு. ஆனால் ஒரு பங்குக்கான வருமானம், அதாவது இபிஎஸ், 11.91 டாலரிலிருந்து 11.89க்கு வந்ததோடு சரி.

மாயம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஆப்பிள் சுமார் 6,690 கோடி டாலர் செலவழித்துத் தன் பங்குகளைத் தானே சந்தையில் வாங்கிக்கொண்டது. இதற்குப் பெயர்தான் பைபேக். இபிஎஸ் கணக்கில் வரும் சராசரிப் பங்குகள் 500 கோடியிலிருந்து 465 கோடியாகின. பழைய எண்ணிக்கையே நீடித்திருந்தால் இபிஎஸ் 11.05 டாலருக்கு இறங்கியிருக்கும். பானையில் சோறு குறைந்தாலும் பந்தியில் ஆள் குறைந்தால் இலைக்கு விழும் அளவு குறையாதுதானே!

ஆனால் வாங்கக் கொடுத்த ரொக்கம் போனது போனதுதான். லாபநட்டக் கணக்கில் இது செலவாகத் தெரியாது. ரொக்க ஓட்ட அறிக்கையில் தெரியும், பங்குதாரர் நிதியிலும் கழியும். ஆப்பிளின் பங்குதாரர் நிதி 10,715 கோடி டாலரிலிருந்து 9,049 கோடியானது. இந்தச் சரிவுக்கு நஷ்டம் காரணமல்ல. வந்த லாபத்தைவிட பைபேக்குக்கும் டிவிடெண்டுக்கும் போன பணம் அதிகம். அதனால் இபிஎஸ்ஸை மட்டும் பார்த்து வளர்ச்சி என்று நம்புவது ஆபத்து. நிகர லாபம் எவ்வளவு கூடியது, பங்கு எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறையவே இல்லையென்றால், ஊழியர்களுக்குக் கொடுத்த புதுப் பங்குகளை ஈடுகட்டவே பைபேக் பணம் கரைந்திருக்கலாம்.

ஆப்பிள் திரும்ப வாங்கிய பங்குகளை ரத்து செய்துவிடுகிறது. மெக்டொனால்ட்ஸ் அப்படியில்லை, கையிலேயே வைத்துக்கொள்கிறது. இவை கருவூலப் பங்குகள். இவற்றுக்கு ஓட்டும் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது. இபிஎஸ் கணக்கிலும் சேராது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, சொத்தாகக் காட்டலாமே என்று தோன்றும். கூடாது, வாங்கிய விலைக்கே பங்குதாரர் நிதியிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு கூடுதல் விலைக்கு விற்றாலும் அந்த வித்தியாசம் லாபக் கணக்கில் ஏறாது.

மெக்டொனால்ட்ஸ் வெளியிட்ட பங்குகள் 166 கோடி. 2019 முடிவில் அவற்றில் 91 கோடிக்கு மேல் அதன் கையிலேயே இருந்தன. அந்த ஆண்டு 600 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்தும், பங்குதாரர் நிதி மைனஸ் 821 கோடி டாலர்! தொழில் நொடித்துப் போகவில்லை. கடனும் வாங்கி, பல ஆண்டுகளாகப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததன் விளைவு இது. வியாபாரம் படுத்தாலும் கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

இந்தியாவில் பைபேக்கில் இவ்வளவு தூரம் போக முடியாது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற கையிருப்பு நிதியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் ஒரு பைபேக்குக்குச் செலவிடக் கூடாது. வாங்கிய பங்குகளைக் கையில் வைத்திருக்கவும் வழியில்லை. பைபேக் முடிந்த ஏழு நாளுக்குள் அவற்றை அழித்துவிட வேண்டும்.