முடிவைப் பார்க்கும் முன் எழுத வேண்டிய பக்கங்கள்

சக மாணவர் கற்பித்தல் பிள்ளைகளின் அடைவை உயர்த்துகிறதா? ஆராய்ச்சிகளைத் தேடிப் போனால் ஒரே பதில் கிடைப்பதில்லை. 1982-இல் பீட்டர் கோஹனும் குலிக் தம்பதியும் அமெரிக்காவில் 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மாணவரிடம் பாடம் கேட்ட மாணவர்களுக்குச் சராசரி விளைவளவு 0.40 என்று வந்தது. நூறு பேரைக் கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்தினால், 50-ஆம் இடத்தில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ 66-ஆம் இடத்துக்கு நகர்வதற்கு இது சமம். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் 129 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனை 2011-இல் வெளியானது. அதில் மூத்த வகுப்பு மாணவர் இளைய வகுப்பு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிகளில் மட்டும் 0.2 அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒரே வகுப்புக்குள் நடந்த கற்பித்தலில் தெரியவில்லை. பிறகு இங்கிலாந்தில் அதே மூத்தவர்-இளையவர் முறையைக் கணக்குப் பாடத்தில் 82 பள்ளிகளில் சோதித்தார்கள். 2015-இல் வந்த அறிக்கை பலன் ஏதும் தெரியவில்லை என்றது.

இந்தத் தலைப்பை எம்.எட். ஆய்வேட்டுக்காக எடுக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பள்ளிக்குப் போய்ச் சோதனை செய்யாமல், ஏற்கெனவே நடந்த ஆய்வுகளையெல்லாம் ஓர் ஒழுங்கோடு தேடி, சலித்து, எடைபோட்டுத் தொகுக்கப் போகிறார். இதைத்தான் முறைசார் மதிப்பாய்வு என்கிறோம். முன்திட்டம் இல்லாமல் அவர் படிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? 0.40 காட்டும் ஆய்வைப் படித்ததும் அது நல்ல ஆய்வாகத் தோன்றும். பலனில்லை என்ற அறிக்கையைப் பார்த்ததும், சூழல் வேறு, ஒதுக்கிவிடலாம் என்று மனம் சொல்லும். இதில் ஏமாற்றும் எண்ணமே இருக்க வேண்டியதில்லை. நேர்மையான மனமும் இப்படித்தான் சாயும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எப்படிக் கணக்கிடுவது என்பதை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதித் தேதியிட்டு வைக்க வேண்டும். அந்த ஆவணத்துக்குப் புரோட்டோகால் என்று பெயர்.

அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 2015-இல் வந்த பிரிஸ்மா-பி என்ற 17 அம்சப் பட்டியல் உண்டு. எழுதியதைப் பொதுவெளியில் பதிவும் செய்ய வேண்டும். மருத்துவத் துறையினர் பயன்படுத்தும் பிராஸ்பெரோ பதிவேடு உடல்நலம் தொடர்பில்லாத கல்வி ஆய்வுகளை ஏற்பதில்லை. நம் மாணவி ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். பதிந்த தேதியை யாரும் பின்னால் மாற்ற முடியாது. பட்டியலை நிரப்புவது ஒரு வார வேலைதான். அதற்குள் இருக்கும் சில முடிவுகள்தான் கடினமானவை.

முதல் முடிவு, யார் சக மாணவர் என்பது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியில், 1790-களில் ஆண்ட்ரூ பெல் பெரிய பையன்களை வைத்துச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைகளும் இப்படிக் கற்பித்தவர்களே. பெல் 1797-இல் லண்டனில் புத்தகம் வெளியிட்ட பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ என்றே அங்கே பரவியது. ஒரு பையன் முழு வகுப்பையும் நடத்தும் இந்த அமைப்பு நம் மதிப்பாய்வில் சேருமா? கல்லூரி மாணவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு வந்து சொல்லிக்கொடுத்தால் சேருமா? ஐந்து பேர் சேர்ந்து ஒரு கணக்கைப் பேசித் தீர்ப்பது சக மாணவர் கற்பித்தலா, குழுக் கற்றலா? இவற்றுக்குச் சரியான பதில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் ஒரு பதிலைத் தேர்ந்து எழுதியாக வேண்டும். நான் இப்படி வைப்பேன்: கற்பிப்பவரும் பள்ளி மாணவராக இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒருவர், அல்லது மிஞ்சினால் ஒருவருக்கு மூவர், யார் கற்பிப்பவர், யார் கற்பவர் என்பது தெளிவாக இருக்க வேண்டும், இருவரும் முறை மாற்றிக்கொண்டாலும் சரி. இந்த வரையறையில் பெல் வெளியே நிற்கிறார். ஃபைஃப் சோதனையின் இரு வகைகளும் உள்ளே வருகின்றன.

அடுத்தது ஒப்பீடு. சோதனைக் குழு வழக்கமான கணக்கு வகுப்போடு வாரம் மூன்று நாள் கூடுதலாக அரை மணி நேரம் படித்திருந்து, மற்றக் குழுவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை என்றால், வந்த முன்னேற்றம் நண்பன் சொல்லிக்கொடுத்ததால் வந்ததா, கூடுதல் நேரத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட ஆய்வுகளை ஒதுக்க வேண்டியதில்லை. ‘நேரம் சமம்’, ‘நேரம் கூடுதல்’ என்று இரு பிரிவாகக் குறித்துத் தனித்தனியே பார்ப்பேன் என்று முன்பே எழுதினால் போதும்.

தேர்வு யார் தயாரித்தது என்பதும் இதே போன்றது. ஆய்வாளர் தான் கற்பிக்க வைத்த பாடத்திலிருந்தே இருபது கேள்வி எடுத்துத் தேர்வு வைத்தால், பொதுவான தரப்படுத்திய தேர்வில் வருவதைவிட விளைவளவு பெரிதாக வருவது வழக்கம். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தம் இருக்காது. கற்பித்த மாணவருக்கும் கேட்ட மாணவருக்கும் தனித்தனி விளைவளவு எடுக்க வேண்டும். கோஹன் குழுவே அப்படித்தான் செய்தது. கற்பித்தவர்களுக்கு 0.33 வந்தது. சொல்லிக்கொடுப்பவரும் கற்கிறார் என்று ஆசிரியர்கள் அனுபவத்தில் சொல்வதற்கு அது நல்ல ஆதாரம்.

தேடலையும் சொல் மாறாமல் எழுதி வைக்க வேண்டும். கல்வி ஆய்வுகளுக்கான எரிக் தரவுத்தளத்துக்கு ஒரு தொடக்கம் இப்படி இருக்கலாம்:

```
("peer tutor*" OR "peer teaching" OR
 "cross-age tutor*" OR "peer-assisted learning")
AND (math* OR arithmetic OR numeracy)
```

இதில் `achievement` என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பல சுருக்கங்களில் அந்தச் சொல் வராது. மதிப்பெண் என்றோ தேர்ச்சி என்றோதான் இருக்கும். அதைச் சேர்த்தால் தேவையான ஆய்வுகள் சத்தமில்லாமல் விடுபடும். விடுபடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டாயம் சேர வேண்டும் என்று முன்பே தெரிந்த பத்து ஆய்வுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, தேடலில் அந்தப் பத்தும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எட்டுதான் வந்தால் தேடலில் ஓட்டை இருக்கிறது. நட்சத்திரக் குறி எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதால், ஒவ்வொரு தளத்துக்கும் தனியே எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்திய மாணவிக்கு இன்னொரு கடமை சோத்கங்கா களஞ்சியத்தைத் தேடுவது. பலன் தெரியாத ஆய்வு இதழில் வெளியாவது கடினம், ஆய்வேடாகவே உறங்கிவிடும். இதழ்களை மட்டும் பார்ப்பவருக்கு சக மாணவர் கற்பித்தல் உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

இனி, பெரும்பாலும் தவறாகச் செய்யப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர். இரண்டு வகுப்புகளில் சக மாணவர் கற்பித்தல், இரண்டில் வழக்கமான பாடம். ஆகமொத்தம் 120 பிள்ளைகள். விளைவளவு 0.50 என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார். 120 தனித்தனிப் பிள்ளைகள் என்று நம்பிக் கணக்குப் போட்டால், உண்மையான விளைவு 0.14-க்கும் 0.86-க்கும் இடையில் இருக்கலாம் என்று வரும். பூஜ்யம் அதற்குள் இல்லை. பலன் உண்டு என்று எழுதிவிடுவோம்.

ஆனால் குலுக்கிப் பிரித்தது பிள்ளைகளை அல்ல, வகுப்புகளை. ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஒரே தெரு. அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். முப்பது பேர் முப்பது சாட்சிகளாக மாட்டார்கள். இந்த ஒற்றுமையின் அளவை அமெரிக்கக் கல்வித்துறையின் வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ், ஆய்வில் தரப்படாதபோது, அடைவுத் தேர்வுகளுக்கு 0.20 என்று வைத்துக்கொள்கிறது. அதன்படி:

```
1 + (30 − 1) × 0.20 = 6.8
120 ÷ 6.8 ≈ 18
```

120 பேர் கொடுக்கும் தகவல் ஏறத்தாழ 18 பேர் கொடுக்கும் தகவலுக்குத்தான் சமம். இதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் வீச்சு −0.45 முதல் 1.45 வரை விரிகிறது. பலன் மிகப் பெரிதாகவும் இருக்கலாம், தீங்காகவும் இருக்கலாம் என்றாகிவிட்டது. 0.50 என்ற எண் மாறவில்லை. அதன்மேல் எவ்வளவு சாய்ந்து நிற்கலாம் என்பது மாறிவிட்டது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்க்கும்போது உறுதியான எண்ணுக்கே அதிக எடை தருகிறோம். திருத்தாமல் விட்டால் இந்தச் சின்ன ஆய்வு தனக்கு உரியதைவிடப் பல மடங்கு எடையோடு மொத்த முடிவையே இழுத்துச் செல்லும்.

‘ஏ’ பிரிவில் சோதனை, ‘பி’ பிரிவு கட்டுப்பாட்டுக் குழு என்று பக்கத்துக்கு ஒரே வகுப்பு வைத்துச் செய்யும் ஆய்வேடுகளுக்கு இந்தத் திருத்தமும் உதவாது. அங்கே கற்பிக்கும் முறையின் பலனையும் அந்த ஓர் ஆசிரியரின் திறமையையும் பிரிக்க வழியே இல்லை. சோத்கங்காவில் தேடும் மாணவிக்கு இப்படிப்பட்டவை எதிரே வரும் என்பதால், புரோட்டோகாலில் ஒரு வரி வேண்டும்: பக்கத்துக்கு ஒரே வகுப்பு உள்ள ஆய்வுகளைப் பட்டியலில் காட்டுவேன், மொத்த விளைவளவில் சேர்க்க மாட்டேன். எண்ணம் தெரியாத இடத்தில் 0.20 கொண்டு திருத்துவேன், 0.10 கொண்டும் ஒருமுறை சரிபார்ப்பேன் என்று இன்னொரு வரி.

சலிக்கும் வேலையை ஒருவரே செய்யக் கூடாது. எம்.எட். மாணவிக்கு உதவியாளர் கிடையாது. ஆகவே வகுப்புத் தோழி ஒருவர் சுருக்கங்களில் ஐந்தில் ஒரு பங்கை, இவருடைய தீர்ப்பைப் பார்க்காமல் தனியே சலிக்கட்டும். இருவரும் எங்கெங்கே வேறுபட்டார்கள் என்று உட்கார்ந்து பேசினால், பெரும்பாலும் பிழை சலித்தவரிடம் இருக்காது, விதி தெளிவாக எழுதப்படாததில் இருக்கும். விதியைத் திருத்தி எழுதிவிட்டு மீதியைச் சலிக்கலாம்.

அப்படித் திருத்துவது தவறாகாது. எழுதியதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் ஆய்வு ஒன்றில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது தெரிந்து, விதியில் அதற்கு இடமில்லை என்றால், பதிவேட்டில் ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும். எந்தத் தேதி, என்ன மாற்றம், ஏன், அப்போது எத்தனை ஆய்வுகளின் முடிவுகளைப் பார்த்திருந்தேன் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முதலில் கேட்கக் கூடியது அந்த நான்காவது விவரம்தான்.