ரவுட்டர் பெட்டியில் உள்ள பெரிய எண் யாருக்குக் கிடைக்கும்?

கடைக்காரர் இரண்டு ரவுட்டர் பெட்டிகளை எடுத்து வைக்கிறார். ஒன்றில் AC1750 என்று இருக்கிறது, மற்றொன்றில் AX1500. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1750 பெரிய எண் என்பதால் அதுதான் வேகமானது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் வைஃபை 6 வசதியும் இரண்டு ஆண்டெனாக்களும் உள்ள கைபேசி உங்களிடம் இருந்தால், AX1500-தான் அதற்கு அதிக வேகத்தில் இணைப்புத் தரும்.

காரணம், பெட்டியில் இருப்பது ஒரு வேகம் அல்ல. இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை. வீட்டு ரவுட்டருக்குள் பெரும்பாலும் இரண்டு ரேடியோக்கள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இயங்கும். ஒவ்வொன்றும் ஏட்டளவில் எட்டக்கூடிய உச்ச வேகத்தைக் கூட்டி, முழு எண்ணாக்கி அச்சிடுகிறார்கள். AC1750 என்பது 450-ம் 1300-ம் சேர்ந்தது. AX1500 என்பது 300-ம் 1201-ம் சேர்ந்தது. முன்னால் உள்ள AC வைஃபை 5 தலைமுறையையும், AX வைஃபை 6 தலைமுறையையும் குறிக்கும்.

கைபேசியோ மடிக்கணினியோ ஒரு நேரத்தில் இந்த இரண்டு அலைவரிசைகளில் ஒன்றோடுதான் இணையும். வைஃபை 7-இல் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழி உண்டு. ஆனால் ரவுட்டரும் கருவியும் இரண்டுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மற்றவர்களைப் பொறுத்தவரை கூட்டுத்தொகைக்குப் பொருளே இல்லை. பார்க்க வேண்டியது 5 கிகாஹெர்ட்ஸுக்கு உரிய எண்ணை மட்டும்தான்.

அப்படிப் பார்த்தாலும் 1300 என்பது 1201-ஐ விடப் பெரியதாயிற்றே என்று கேட்கலாம். அந்த 1300 எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வைஃபை 5-இல், 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில், ஓர் ஆண்டெனா வழியாகச் செல்லும் ஒரு தரவு ஓட்டத்தின் உச்சம் 433 எம்பிபிஎஸ். ரவுட்டர் மூன்று ஓட்டங்களை அனுப்பினால் 1300. ஆனால் கைபேசிகளில் வைஃபைக்கு இருப்பது அதிகபட்சம் இரண்டு ஆண்டெனாக்கள்; விலை குறைந்த பல கைபேசிகளில் ஒன்றுதான். ரவுட்டர் மூன்று ஓட்டம் அனுப்பத் தயாராக இருந்தாலும் கைபேசி இரண்டைத்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் அதற்குக் கிடைப்பது 867. வைஃபை 6-இல் இதே அகலத்தில் ஓர் ஓட்டம் 600 வரை போகும். இரண்டு ஓட்டத்துக்கு 1201. அதை இரண்டு ஆண்டெனா உள்ள வைஃபை 6 கைபேசி முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

கைபேசி பழைய வைஃபை 5 வகையாக இருந்தால் கதை மாறும். அப்போது இரண்டு ரவுட்டர்களுமே 867-ஐத்தான் தரும். AC1750-இல் உள்ள மூன்றாவது ஆண்டெனாவும் வீணில்லை. சற்றுத் தொலைவில் சிக்னலை நிலையாகப் பிடித்துக்கொள்ள அது உதவும். ஆக, எந்த ரவுட்டர் நல்லது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுக் கருவிகளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

இதே முறையில் AX1500, AX1800, AX3000 மூன்றையும் பிரித்துப் பாருங்கள். AX1800 என்பது 574-ம் 1201-ம். AX1500-ஐ விடக் கூடியிருப்பது முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றே. 2.4-இல் அந்த 574 கிடைக்கவும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். அக்கம்பக்கத்து வைஃபைகள் நெருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். உச்ச வேகமும் பாதியாகிவிடும். AX3000-இல் 574-உடன் 2402 சேர்கிறது. ஆண்டெனா கூடவில்லை, சேனலின் அகலம் 160 மெகாஹெர்ட்ஸாக இரட்டிப்பாகியிருக்கிறது. கருவியும் 160-ஐ ஏற்க வேண்டும். அண்மைக் கால மடிக்கணினிகள் பல ஏற்கும். கைபேசிகளில் பல 80-உடன் நின்றுவிடும். அவற்றுக்கு AX3000-ம் 1201-தான்.

இந்த 1201-ம் தரவு இறங்கும் வேகம் அல்ல. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்யவும், மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கவும் நேரம் போகும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்றாலும் அச்சிட்ட எண்ணில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் கிடைத்தால் அது நல்ல வேகம். இடையில் இரண்டு சுவர்கள் வந்தால் அதுவும் வெகுவாகக் குறையும்.

இனி ஒரு வீட்டின் கணக்கைப் போடுவோம். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, இரண்டு வைஃபை 6 கைபேசிகள், ஒரு மடிக்கணினி. 1201-இல் பாதி என்றால் 600. இணைப்பே 300-தான் என்பதால் AX1500 அருகில் தாராளமாகப் போதும். AX3000 வாங்கினாலும் இணையம் 300-ஐத் தாண்டாது. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்புகளை அனுப்புபவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இந்த வீட்டுக்கு முன்பக்க எண்ணை விட முக்கியமான ஒன்று பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்: ஒயர் செருகும் போர்ட்டின் வேகம். விலை குறைந்த AC1200 ரவுட்டர்கள் பலவற்றில் இந்த போர்ட்கள் 10/100 வகை. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஃபைபர் மோடத்திலிருந்து ரவுட்டருக்குள் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் நுழையாது. 300-க்குப் பணம் கட்டியும் வேகச் சோதனை ஒவ்வொரு முறையும் 93, 94 என்று நின்றுவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். போர்ட் 10/100/1000 வகையாக இருந்தும் அதே எண் வந்தால் ஒயரை மாற்றிப் பாருங்கள். உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்று பழுதானாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும்.

உங்கள் கருவி உண்மையில் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் Receive rate என்ற வரியில் 866.7 போன்ற எண் இருந்தால் அது வைஃபை 5, இரண்டு ஓட்டம். 1201 என்றால் வைஃபை 6, இரண்டு ஓட்டம், 80 மெகாஹெர்ட்ஸ். 2402 என்றால் 160 மெகாஹெர்ட்ஸ். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் வைஃபை அமைப்பில் இணைப்பின் விவரத்தைத் தொட்டால் இதே எண் தெரியும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கருவி தாங்கும் உச்ச வேகம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், இன்னும் பெரிய எண்ணுள்ள ரவுட்டர் அந்தக் கருவிக்கு அதைக் கூட்டித் தராது.

கடைசி அறையில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்பதற்காகப் பெரிய எண்ணைத் தேடிப் போகாதீர்கள். ரவுட்டர் எவ்வளவு ஆற்றலோடு ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசு விதித்த வரம்பு உண்டு. AX1500-க்கும் AX5400-க்கும் வரம்பு அதேதான். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துவது முதல் வழி. அதுவும் போதாவிட்டால் அந்த அறைவரை ஒயர் இழுத்து, அங்கே சாதாரண ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக வைப்பது, விலை உயர்ந்த ஒற்றை ரவுட்டரை விட அந்த அறைக்கு நல்ல வேகம் தரும்.