ராக்கெட்டைப் பிய்த்த கிராகன்

மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்க்வாட் நிறுவனம் 2011-ல் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. நாமே பாகம் பாகமாகக் கோத்து ராக்கெட் கட்டலாம், கெர்பின் என்ற குட்டிக் கிரகத்திலிருந்து விண்ணில் ஏவலாம். ஆரம்ப நாட்களில் அதை ஆடியவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. ராக்கெட் நன்றாகத்தான் கிளம்பும். கிரகத்தை விட்டு வெகுதூரம் போனபிறகு, எஞ்சின் அணைந்து சும்மா மிதந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஜுரம் கண்டதுபோல் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் கூடிக்கூடி, கடைசியில் இறக்கை ஒரு பக்கம், டாங்கி ஒரு பக்கம் எனச் சிதறிவிடும். எதுவும் மோதியிருக்காது. வடநாட்டுக் கடற்கதைகளில் கப்பலைப் பிய்த்துப்போடும் கிராகன் பூதத்தின் பெயரையே ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள்.

பூதம் இருந்த இடம் விண்வெளி அல்ல, எண்களை எழுதிவைக்கும் முறை.

விளையாட்டு உலகில் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்பதை, பள்ளிக் கணக்கில் படித்த ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூன்று எண்களில் கணினி குறித்துவைக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகள் இதற்குப் பயன்படுத்துவது 32 பிட் ‘ஃப்ளோட்’ எண். அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட். நம் வழக்கில் சொன்னால், சுமார் ஏழு இலக்கம். ஏழு கட்டம் மட்டுமே போட்ட ஒரு கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1.234567 என்று எழுதலாம், 12345.67 என்றும் எழுதலாம். ஆனால் புள்ளிக்கு இடப்பக்கம் எண் பெருக்கப் பெருக்க, வலப்பக்கம் கட்டம் குறைந்துகொண்டே வரும். ஃப்ளோட் கணக்கும் இப்படித்தான். ஆதியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டியதும், அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு இடங்களுக்கு நடுவே சுமார் 0.12 மில்லிமீட்டர் இடைவெளி. 100 கிலோமீட்டரில் அது 7.8 மில்லிமீட்டர். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர். அதன் மையத்தை ஆதியாக வைத்தால், ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டுக்கே இடைவெளி 6.25 சென்டிமீட்டராகிவிடும். நடுவில் உள்ள எந்த இடத்தையும் எழுத முடியாது, அருகில் உள்ள கோட்டுக்குத் தள்ளித்தான் ஆகவேண்டும்.

சில சென்டிமீட்டர் பிசகினால் ராக்கெட் ஏன் உடைய வேண்டும்? அங்கேதான் விஷயம். கெர்பல் ராக்கெட்டின் பாகங்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை விறைப்பான ஸ்பிரிங் போன்ற இணைப்புகள். டாங்கியும் எஞ்சினும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகினால், இணைப்பு அவற்றை இழுத்துச் சரிசெய்யும். இப்போது டாங்கியின் இடத்தைக் கணினி ஒரு கோட்டுக்கு மேலே தள்ளி எழுதுகிறது, எஞ்சினின் இடத்தைக் கீழே தள்ளி எழுதுகிறது. உண்மையில் விலகாத இரண்டு பாகங்கள், ஏட்டில் 6 சென்டிமீட்டர் விலகிவிட்டன. இணைப்பு அதை நம்பிப் பலமாக இழுக்கிறது. இழுத்த இழுப்பில் இரண்டும் நகர, புதிய இடங்களும் மறுபடி தள்ளி எழுதப்பட, அடுத்த இழுப்பு எதிர்ப்பக்கம். இது ஒரு வினாடிக்குப் பல தடவை நடக்கிறது. கண்ணுக்கு அது நடுக்கம், இணைப்புக்கு அது தாங்கமுடியாத பாரம்.

நடுக்கமாவது கண்ணில் படும். இதே பிழையின் இன்னொரு முகம் இன்னும் கள்ளத்தனமானது. பொருள் நடுங்காது, தப்பான வேகத்தில் போகும். ஆதியிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு படகு வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் மிதக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு 60 பிரேம் ஓடினால், ஒரு பிரேமுக்கு அது நகரவேண்டியது 3.33 மில்லிமீட்டர். அங்கே இடைவெளியோ 7.8. பாதித் தூரமான 3.9-ஐக்கூட அது எட்டவில்லை என்பதால், கூட்டிய விடை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பைத்தான் தெரிந்தவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். 3600 பிரேம் என்பது ஒரு நிமிடம்:

```python
import numpy as np
x = np.float32(100000)
for i in range(3600):
    x = x + np.float32(0.2 / 60)
print(x)   # 100000.0
```

12 மீட்டர் போயிருக்க வேண்டிய படகு ஒரு மயிரிழைகூட நகரவில்லை. `0.2` இருக்கும் இடத்தில் `0.3` என்று மாற்றிப் பாருங்கள், `100028.125` என்று வரும். அதாவது 18 மீட்டர் போகவேண்டியது 28 மீட்டருக்கு மேல் போய்விட்டது! இப்போது பிரேமுக்கு 5 மில்லிமீட்டர், பாதியைத் தாண்டிவிட்டதால் ஒவ்வொரு தடவையும் 7.8-ஆக உயர்ந்துவிடுகிறது. நிஜ விளையாட்டில் பிரேம்கள் ஒரே சீராக ஓடுவதில்லை. முதல் படகே, பிரேம் சற்று நீளும்போது ஒரு துள்ளு துள்ளும், பிறகு நிற்கும். அதைப் பார்ப்பவர் இயற்பியல் கணக்கையோ நெட்வொர்க்கையோதான் முதலில் சந்தேகிப்பார்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. நடுங்கும் பொருளை அப்படியே ஆதிப்புள்ளிக்கு அருகே கொண்டுபோய் வையுங்கள், அங்கே அமைதியானால் குற்றவாளி இதுதான். இன்னொரு அடையாளம் எனக்கு இன்னும் பிடித்தது. மூன்று எண்களும் தனித்தனியே தள்ளி எழுதப்படுவதால், ஆதியிலிருந்து கிழக்கே மட்டும் தூரம் போன பொருள் கிழக்கு மேற்காகத்தான் நடுங்கும். மேலும் கீழும் அசையாது. வேறு எந்தப் பிழையும் இவ்வளவு ஒழுங்காகத் திசை பார்த்து நடக்காது.

கட்டத்தைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 64 பிட் ‘டபுள்’ எண்ணில் சுமார் பதினாறு இலக்கம் கிடைக்கிறது. கெர்பின் தன் சூரியனிலிருந்து 1,360 கோடி மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஃப்ளோட்டின் இடைவெளி 1,024 மீட்டர், டபுளுக்கோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். 2022-ல் வந்த அன்ரியல் எஞ்சின் 5 உலக இடங்களை டபுளில்தான் வைத்துக்கொள்கிறது. ஆனால் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு டபுள் ஒத்துவராது. வீட்டுக் கணினிகளில் உள்ள கார்டுகள் பலவற்றில் டபுள் கணக்கு 32 மடங்கு, 64 மடங்கு மெதுவாக நடக்கும். அதனால் பொருளின் இடத்திலிருந்து கேமராவின் இடத்தை முதலில் டபுளில் கழித்து, மிச்சமாகும் சின்ன எண்ணை மட்டும் ஃப்ளோட்டாக்கிக் கார்டுக்குக் கொடுப்பார்கள். வரிசை முக்கியம். முதலில் ஃப்ளோட்டாக்கிவிட்டுப் பிறகு கழித்தால், தொலைந்த இலக்கம் தொலைந்ததுதான்.

கெர்பல் குழு எடுத்த வழி வேறு. அவர்கள் பயன்படுத்திய யூனிட்டி எஞ்சினின் இயற்பியல் கணக்கு ஃப்ளோட்டில் ஓடியது, அதை மாற்ற அவர்களால் முடியாது. எனவே ராக்கெட் ஆதியை விட்டு விலகியதும், ராக்கெட்டை ஆதிக்கே இழுத்துவந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே அளவு பின்னுக்குத் தள்ளினார்கள். அதுவும் போதவில்லை, ஏனென்றால் வேகமும் ஒரு பெரிய எண். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் ராக்கெட்டை நிறுத்திவைத்து, பிரபஞ்சத்தை எதிர்ப்பக்கம் ஓடவிட்டார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் ‘கிராகன்ஸ்பேன்’, கிராகனுக்கு எமன்.

இந்த வித்தையில் உலகத்தை நகர்த்தும்போது எதையும் மறக்கக்கூடாது. பொருள்களை நகர்த்திவிட்டு, காற்றில் மிதக்கும் புகைத்துகள்களை நகர்த்த மறந்தால், எஞ்சின் புகை திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் நீண்ட கோடாகத் தெரியும். எங்கோ ஒரு நிரலில் ‘திரும்பிப் போகவேண்டிய இடம்’ என்று சேமித்துவைத்த பழைய எண்ணை மறந்தால், எதிரி வீரர்கள் வெற்றுவெளியைப் பார்த்து அணிவகுத்துப் போவார்கள். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் இது இன்னும் சிக்கல். இருவர் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் யாருடைய காலடியில் ஆதியை வைப்பது? ஆளுக்கொரு ஆதி கொடுத்து, செய்தி போகும்போதெல்லாம் ஒருவர் கணக்கை மற்றவர் கணக்குக்கு மாற்றுகிறார்கள். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கிப் பறந்துவந்து சந்திக்கும் அந்த நொடியில், இரண்டு ஆதிகளையும் ஒன்றாக்கியாக வேண்டும். அங்கே ஒரு சின்னத் துள்ளல் தெரிந்தால், காரணம் உங்கள் இணைய இணைப்பாக இல்லாமலும் இருக்கலாம்.