பதினைந்தில் கழித்தால் இரண்டாம் சனி

2015 செப்டம்பர் 1 முதல் இந்திய வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் முழு விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் முழு நாள் வேலை. அதற்கு முன்பு எல்லாச் சனியும் அரை நாள் என்பதால் யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் டிசம்பரில், அலுவலகத்தில் எக்செல்லில் விடுமுறைப் பட்டியல் போடுகிறவர் சுவர் காலண்டரைப் பார்த்து, விரல் விட்டு, பன்னிரண்டு தேதிகளைத் தட்டச்சு செய்கிறார். அந்த வேலையை ஒரே ஃபார்முலாவிடம் விட்டுவிடலாம்.

ஒரு மாதத்தின் முதல் ஏழு நாட்களுக்குள் எல்லாக் கிழமையும் ஒருமுறை வந்துவிடும். ஆகவே இரண்டாம் சனி 8-ஆம் தேதிக்கு முன்னால் வராது, 14-ஐத் தாண்டாது. ஒன்றாம் தேதியே சனி என்றால் 8. ஒன்றாம் தேதி ஞாயிறு என்றால் 14. மற்றவை இரண்டுக்கும் நடுவில்.

எக்செல்லின் WEEKDAY, நம் வழக்கப்படியே ஞாயிறை 1 என்று தொடங்கி சனியை 7 என்று முடிக்கிறது. மேலே சொன்ன இரு எல்லைகளையும் இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள்: 1 என்றால் 14, 7 என்றால் 8. கூட்டினால் இரண்டிலும் 15. ஆக, ஒன்றாம் தேதியின் கிழமை எண்ணை 15-லிருந்து கழித்தால் இரண்டாம் சனியின் தேதி வந்துவிடும். கணினி இல்லாமலும் இது பலிக்கும். ஒன்றாம் தேதி புதன், அதாவது 4 என்றால், இரண்டாம் சனி 11.

இனி A2 செல்லில் மாதத்தின் ஏதோ ஒரு தேதி இருக்கிறது என்று கொள்வோம். பக்கத்துச் செல்லில் எழுத வேண்டியது இது:

```
=A2-DAY(A2)+15-WEEKDAY(A2-DAY(A2)+1)
```

A2-வில் 2026 ஆகஸ்ட் 20 என்று வைத்து நடந்து பார்க்கலாம். 20-ஆம் தேதியிலிருந்து 20 நாளைக் கழித்தால் போய் நிற்பது ஜூலை 31. அதோடு ஒன்று சேர்த்தால் ஆகஸ்ட் 1. அது சனிக்கிழமை, எண் 7. பதினைந்தில் ஏழு போனால் எட்டு. ஜூலை 31-லிருந்து எட்டு நாள் தள்ளினால் ஆகஸ்ட் 8. அதே செல்லில் பிப்ரவரி 2026-இன் எந்தத் தேதியைப் போட்டாலும் 14 வரும், ஏனென்றால் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை பிறக்கிறது.

முதல்முறை எழுதுகிறவர் சில சமயம் தேதிக்குப் பதில் 46242 என்ற எண்ணைப் பார்த்துத் திகைப்பார். தவறு ஒன்றும் இல்லை. எக்செல் தேதிகளை 1900-இலிருந்து வரிசையாக எண்ணி வைத்திருக்கிறது. ஆகஸ்ட் 8-க்கு அந்த எண். செல்லின் ஃபார்மேட்டைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும்.

உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வருவது. நாம் 05/08/2026 என்று ஆகஸ்ட் ஐந்தை எழுதுகிறோம். கணினி அமெரிக்க வழக்கில் அமைந்திருந்தால் அது மே எட்டு என்று எடுத்துக்கொண்டு, மே மாதத்தின் இரண்டாம் சனியை, அதாவது 9-ஆம் தேதியை, கூசாமல் தந்துவிடும். பிழைச் செய்தியே வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதே பத்தியில் 20/08/2026 என்று அடியுங்கள். இருபதாவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்து, செல்லின் இடப்பக்கம் ஒட்டிவிடும். தேதியாகப் புரிந்துகொண்டவை வலப்பக்கம் நிற்கும். பத்தியில் சில இடமும் சில வலமுமாக நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொருவர் கோப்பிலிருந்து எடுத்த ஃபார்முலாவில் WEEKDAY-க்குள் கடைசியாக ஒரு 2 இருக்கலாம். அது திங்களை 1 ஆக்கிவிடும். பிறகு நம் 15 தருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். விடை B2-வில் இருந்தால், அடுத்த செல்லில் =TEXT(B2,"dddd") என்று போட்டுக் கீழே இழுங்கள். பன்னிரண்டு மாதமும் சனி என்று வர வேண்டும்.

நான்காம் சனிக்கு B2-வோடு 14 கூட்டினால் போதும். அதைக் ‘கடைசிச் சனி’ என்று எண்ணிப் பட்டியல் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். 2026 ஆகஸ்டில் ஐந்து சனி: வங்கிக்கு நான்காம் சனி விடுமுறை 22-ஆம் தேதி. 29-ஆம் தேதி சனிதான், ஆனால் அது ஐந்தாவது. இந்தக் கணக்குப்படி அன்று விடுமுறை இல்லை.