உங்கள் நிறத்துக்கு எந்தத் தங்கம், எந்தக் கல்?

நகைக்கடைக் கண்ணாடி முன் நிற்கும்போது, "உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா" என்று விற்பனையாளர் சொல்லுவார். எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவார் என்பது வேறு விஷயம். உண்மையில் ஒரு நகை எடுப்பாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நகை சருமத்தைவிட எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது ஒன்று. இரண்டின் சாயலும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது மற்றொன்று.

கறுப்பு நிறத்தவர்களுக்கு முதலாவது தானாகவே அமைந்துவிடுகிறது. பளபளப்பான 22 காரட் மஞ்சள் தங்கம் அவர்கள் கழுத்தில் தூரத்திலிருந்தே தெரியும். சிவந்த நிறத்தில் அந்தப் பளிச்சென்ற வேறுபாடு குறைவு; சாயலால் அதை ஈடுகட்ட வேண்டும். யோசித்து வாங்க வேண்டியவர்கள் மாநிறத்தவர்கள்தான். அவர்கள் சருமத்திலேயே மஞ்சளும் பழுப்பும் கலந்திருப்பதால் வெறும் மஞ்சள் தங்கம் அதோடு கரைந்துபோகக்கூடும்.

தங்கத்தின் சாயல்

22 காரட் தங்கத்தில் ஆயிரம் பங்குக்கு 916 பங்குதான் பொன். மீதி 84 பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் தங்கம் சிவந்து தெரியும். வெள்ளி கூடினால் எலுமிச்சை மஞ்சளாக வெளுக்கும். அதனால் 916 முத்திரை இருக்கும் இரண்டு வளையல்களைச் சேர்த்து வைத்தாலும் சாயல் கொஞ்சம் மாறித் தெரியலாம். முத்திரை சொல்வது தூய்மையை மட்டும், நிறத்தை அல்ல.

18 காரட்டில் கலப்பு உலோகம் 250 பங்கு. அதனால் நிறத்தைப் பெரிய அளவில் மாற்ற முடிகிறது. செம்பைக் கூட்டினால் ரோஸ் கோல்ட். பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்த்தால் வெள்ளைத் தங்கம். வெள்ளைத் தங்கத்தின் மேல் வழக்கமாக ரோடியம் முலாம் பூசுவார்கள். தினமும் போடும் மோதிரத்தில் அது தேய்ந்து, அடியிலுள்ள இளமஞ்சள் எட்டிப் பார்க்கும்; திரும்பப் பூச வேண்டியிருக்கும். நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும் என்பதால் எந்த உலோகம் கலந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கறுப்பு நிறத்தில் மஞ்சள் தங்கமும் வெள்ளைத் தங்கமும் தெளிவாகத் தெரியும். ரோஸ் கோல்ட் சருமத்தின் பழுப்புக்கு நெருங்கி வருவதால் அடங்கியே இருக்கும். அடக்கமாகத் தெரிவதையே விரும்புபவர்கள் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். மாநிறத்துக்குச் சிவந்த சாயல் கொண்ட 22 காரட்டோ, ஆன்டிக் பாலிஷ் போட்ட நகையோ எலுமிச்சை மஞ்சளைவிடப் பொருந்தும். ஆன்டிக் வேலையில் குழிவுகள் கறுத்து இருக்கும். அந்தக் கருங்கோடு நகையின் விளிம்பை வரைந்து காட்டுவதால், தங்கமும் சருமமும் ஒரே சாயலில் இருந்தாலும் வேலைப்பாடு கரையாது. சிவந்த நிறத்திலும் உள்ளோட்டம் மஞ்சளாக இருந்தால் ரோஸ் கோல்ட் தனித்துத் தெரியும். இளஞ்சிவப்பாக இருந்தால் அதே நகை மென்மையாக ஒன்றிப்போகும்.

கல்லின் பின்னால் என்ன இருக்கிறது?

கல் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்கிறோம். கல் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கல், அடிப்பக்கம் திறந்த கட்டில் இருந்தால், அதன் பின்னால் இருப்பது உங்கள் தோல். ஆழமாகப் பட்டை தீட்டிய கல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். தட்டையாக வெட்டிய கல்லின் நடுவே தோல் நிறமே தெரியும். இளநீலக் கல்லோ, வெளிறிய செவ்வந்திக் கல்லோ கறுத்த சருமத்தில் மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். கடையிலேயே சோதிக்கலாம்: அச்சடித்த தாளின் மேல் அந்தக் கல்லை வைத்துப் பாருங்கள். நடுவில் எழுத்து படிக்கத் தெரிந்தால் அது தோலையும் காட்டும்.

கெம்பு நகைகளில் இந்தச் சிக்கல் இல்லை. கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து மூடிக் கட்டுவதால், எந்த நிறக் கழுத்திலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் செத்துவிடும். குளிக்கப் போகும்முன் கழற்றிவிட வேண்டும். முத்து, பவளம் போன்றவை ஒளி ஊடுருவாதவை. அவை பின்னால் இருக்கும் நிறத்தைக் காட்டுவதில்லை.

கறுப்பு நிறத்தில் வைரம், முத்து, பவளம், மாணிக்கம் எல்லாமே பளிச்சிடும். அடர்ந்த நீலமும் கருஞ்சிவப்பும் மட்டும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கறுப்பாகிவிடும். சுற்றிலும் வெள்ளைக் கல்லோ அகலமான தங்க விளிம்போ இருந்தால் அவையும் தப்பித்துக்கொள்ளும். சிவந்த நிறத்தில் நிலைமை தலைகீழ்: நீலமும் அடர் பச்சையும் நன்றாகத் தெரியும், முத்து வெளிறும். மாநிறத்துக்குச் சிவப்பும் பச்சையும் கைகொடுக்கும். மஞ்சள் புஷ்பராகம் தோலோடு சேர்ந்துவிடும்.

கல் தன் அருகிலுள்ள தோலின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல், அடுத்தடுத்து இருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன என்று 1839-ல் விரிவாக எழுதினார். அதனால் மரகதக் கம்மல் கன்னத்தின் சிவப்பைக் கூட்டிக் காட்டும். வெளுத்த முகத்துக்கு அது உயிர் கொடுக்கலாம். பருவால் சிவந்திருக்கும் முகத்தில் அந்தச் சிவப்பே முன்னால் வந்து நிற்கும்.

ஒரு தேர்வு

மாநிறப் பெண் ஒருவர் நிச்சயதார்த்தத்துக்கு நகை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புடவை அரக்கு நிறப் பட்டு. முன்னால் மூன்று அட்டிகைகள்: வெறும் தங்கத்தில் ஒன்று, ஆன்டிக் பாலிஷில் கெம்பு பதித்தது ஒன்று, 18 காரட்டில் வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லும் சேர்ந்தது ஒன்று. முதலாவது எலுமிச்சை மஞ்சள். நான்கடி தள்ளி நின்றாலே கழுத்தோடு சேர்ந்துவிடுகிறது. அரக்குப் புடவைக்குச் சிவப்புக் கல் எடுக்காதே என்று கெம்பை ஒதுக்கத் தோன்றும். ஆனால் அட்டிகை படிவது கழுத்துத் தோலில், பட்டின்மேல் அல்ல. கெம்பு அங்கே நன்றாகவே தெரியும். பட்டின்மேல் தொங்கும் ஆரத்துக்குத்தான் அந்தக் கவலை வேண்டும். அங்கே அரக்கின்மேல் பச்சைக் கல்லோ முத்தோ பொருந்தும். ஆகவே கெம்பு அட்டிகை, பச்சைக் கல் ஆரம் என்பது நல்ல இணை. மூன்றாவது அட்டிகையும் கழுத்தில் எடுக்கும். ஆனால் அதன் வெள்ளைப் பளபளப்பு ஆன்டிக் ஆரத்தோடு சேராது. அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

நிறம் பார்ப்பதிலும் தவறு நேரும். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் உள்ளோட்டம், நீலமாகத் தெரிந்தால் சிவப்பு உள்ளோட்டம் என்பார்கள். கறுத்த கையில் நரம்பே சரியாகத் தெரியாது என்பதால் அதை நம்ப முடியாது. வெயிலில் கறுத்த கையும் கழுத்தும் ஒரே நிறமாக இருப்பதில்லை; வளையலைக் கையிலும் கம்மலைக் காதருகிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முகத்துக்கு மஞ்சள் பூசிய அன்று பார்த்தால் சாயல் மாறித் தெரியும். கடையின் தங்கப் பிரிவில் மஞ்சள் விளக்கும் வைரப் பிரிவில் வெள்ளை விளக்கும் எரிவது வழக்கம். இரண்டும் நகைக்குச் சாதகமானவை. செல்போன் கேமராவும் நிறத்தைத் தானாகத் திருத்திவிடும். பகலில் போய், இரண்டு நகைகளை ஒரே நேரத்தில் கழுத்தின் இரு பக்கமும் பிடித்து, வாசலோர வெளிச்சத்தில் கூட வந்தவரை நான்கடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். எது முதலில் கண்ணில் பட்டது என்று கேளுங்கள். எடுப்பான நகை எதுவென்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.