சாப்பிட்டதும் தடுமாறும் குட்டி

கறிச்சோறு தின்ற ஒரு மணி நேரத்தில், அந்த நான்கு மாத யார்க்‌ஷயர் டெரியர் குட்டி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. எச்சில் வழிந்தது. மறுநாள் துள்ளி விளையாடியது. சாப்பிட்டபின் தடுமாற்றம் என்பதுதான் தடயம். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல், பிறவியிலேயே அமைந்த குறுக்குக் குழாய் வழியே உடலில் கலக்கிறது. வடிகட்டப்படாத அம்மோனியா மூளையைக் கலக்குகிறது.

வெறும் வயிற்றில் ஒருமுறை, உணவு தந்து 2 மணி நேரம் கழித்து மறுமுறை ரத்தத்தில் பித்த அமிலம் பார்ப்பார்கள். குட்டியை நீங்களாகப் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். இரண்டாவது அளவு எகிறினால், குழாயை ஸ்கேனில் தேட வேண்டும்.

புரதத்தை அடியோடு நிறுத்துவது தவறு, அது வளரும் உடல். ஈரலும் ஆட்டுக்கறியும் வேண்டாம். முட்டை, பனீர் போன்றவற்றை மருத்துவர் சொன்ன அளவில், சிறுசிறு வேளைகளாகக் கொடுங்கள். லாக்டுலோஸ் அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும். பெரும்பாலான குட்டிகளுக்கு நிரந்தரத் தீர்வு, அறுவை சிகிச்சையில் குழாயை மெல்ல மெல்ல அடைப்பது.