ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை?

மளிகைக் கடையில் ஆண்டுக்கு 1,200 மூட்டை அரிசி சீராக விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை சரக்கு எடுக்கும்போதும் வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி என்று 600 ரூபாய் ஆகிறது. ஒரு மூட்டையை ஓராண்டு இருப்பு வைக்க, முடங்கிய பணத்தின் வட்டி, கிடங்கு வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்து 100 ரூபாய்.

மொத்தமாக 300 மூட்டை எடுத்தால் ஆண்டுக்கு நான்கே நடை. வண்டிச் செலவு 2,400. ஆனால் கிடங்கில் சராசரியாகப் பாதி, அதாவது 150 மூட்டை கிடக்கும், அதற்கு 15,000. ஆக 17,400 ரூபாய். நாற்பது நாற்பதாக எடுத்தால் இருப்புச் செலவு 2,000தான், நடை முப்பதாகி வண்டிக்கே 18,000 போகும்.

இரண்டு செலவும் சமமாகும் அளவே சிக்கனமானது. 1913-இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்குச் சூத்திரம் தந்தார்: ஆண்டு விற்பனையை ஒரு நடைச் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு மூட்டையின் இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.

√(2 × 1200 × 600 ÷ 100) = 120

பத்து நடைக்கு 6,000, இருப்புக்கு 6,000, மொத்தம் 12,000. சற்றுத் தவறி 150 எடுத்தாலும் கூடுதல் 300 ரூபாய்தான். ஆனால் பண்டிகைக்கால விற்பனைக்கும், மொத்தக் கொள்முதலில் விலை குறையும் சரக்குக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.